‘கெளம்பலாமா’ என்று அக்கா கேட்டபோது

மேடம்,

எனக்கு 41 வயது. மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. ஆறே முக்காலுக்கு ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு பெட்ரூம் வீடு, மாடியில் இருக்கிறோம். கணவரின் பெரியப்பா மகன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எங்கள் ஏரியா பக்கமே குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் தெருவில்தான் அவர்கள் பையனுக்கு டியூஷன். செவ்வாயும் வியாழனும் அவனை விட்டுவிட்டு அத்தானும் அக்காவும் ஏழு மணிக்கு வருவார்கள். எட்டரைக்கு டியூஷன் முடிந்து பையனும் வந்துவிடுவான். ஆனால் கிளம்பும்போது பதினொன்று. அதன் பிறகு நான் பாத்திரம் கழுவிப் படுக்கப் பன்னிரண்டு.

நல்லவர்கள்தான், மேடம். ஒரு குறையும் சொல்ல முடியாது. கொட்டாவி விட்டுப் பார்த்தேன். கிச்சன் லைட்டை அணைத்துப் பார்த்தேன். “தூக்கம் வருதாம்மா? நீ போய்ப் படு, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்” என்றார் அத்தான். போன வாரம் ஒன்பதரைக்கே அக்கா “கெளம்பலாமா?” என்று அத்தானைக் கேட்டார். நான் மரியாதைக்கு “என்னக்கா அதுக்குள்ள, இருங்க” என்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். “வந்தவங்களைப் போங்கன்னு எப்படிச் சொல்றது? அண்ணன் என்ன நெனைப்பாரு?” என்கிறார் கணவர். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள் என்கிறார் என் அம்மா. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? இப்படி நினைப்பதே பண்பில்லையோ என்றும் உறுத்துகிறது.

(பெயர் வேண்டாம், மதுரை)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மெசேஜை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஒன்பதரைக்கு அக்கா “கெளம்பலாமா?” என்று கேட்டார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

அவரும் பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு அம்மா. மறுநாள் காலையில் அவனை எழுப்பிக் கிளப்ப வேண்டியவர். ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவர், ஒன்பதரை மணிக்குத் தன் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்கிறார். அத்தான் பதில் சொல்வதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு “அதுக்குள்ள என்ன” என்று சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்காரியே சொல்லும்போது அவர் வேறு என்ன செய்வார்? எழுந்து போனால்தான் மரியாதைக் குறைவு. உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு பதினொன்று மணி வரை அந்தக் கூடத்தில் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு பேராக இருந்திருக்கலாம்.

இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்த இடத்தில் என் வாயிலும் அதே வார்த்தைதான் வந்திருக்கும். ஆனால் ‘இவர்களுக்குக் கிளம்பவே தெரியவில்லை’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது முழுக்கச் சரியில்லை. அதில் ஒருவருக்காவது கிளம்பத் தெரிந்திருக்கிறது. அங்கிருந்து ஆரம்பித்தால் உங்கள் பிரச்சினை பாதிக்கு மேல் இளகிவிடும்.

அவர்களும் காத்திருக்கலாம்

அமெரிக்காவில் சில உளவியலாளர்கள் 932 உரையாடல்களை எடுத்துக்கொண்டு, பேச்சு எப்போது முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள் என்று பேசியவர்களிடம் கேட்டார்கள். 2021-இல் வெளிவந்த ஆய்வு அது. இரண்டு பேரும் விரும்பிய நேரத்தில் முடிந்த பேச்சு அநேகமாக இல்லவே இல்லை. குடும்பத்தார், நண்பர்கள் என்று நெருங்கியவர்களோடு பேசிய பேச்சும் இந்த 932-இல் அடக்கம். காரணம் எளிதானது. எனக்குப் போக வேண்டும் என்பதை நான் உங்களிடம் மறைக்கிறேன், நீங்களும் என்னிடம் மறைக்கிறீர்கள். எதிராளி இன்னும் பேச ஆசைப்படுகிறார் என்று இருவருமே நினைத்துக்கொள்கிறோம்.

அது அமெரிக்கா. நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு சடங்கும் உண்டு. விருந்தாளி “கெளம்புறோம்” என்பார். நாம் “என்ன அவசரம், சாப்பிட்டுப் போகலாம்” என்போம். அவர் “இல்ல, நேரமாச்சு” என்பார். நாம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். ஒரே தடவையில் விட்டுவிட்டால், ‘சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னா’ என்று பேச்சு வரும். வருஷத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து வரும் சொந்தத்துக்கு இந்தச் சடங்கு சரி. வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர்களுக்கு இதே உபசாரத்தை நடத்திக்கொண்டிருந்தால், வீட்டுக்காரரும் தூங்க முடியாது, வந்தவரும் போக முடியாது. அடிக்கடி வருகிறவர்களை நாம் தடுத்து நிறுத்துவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் “சாப்பிட்டுத்தான் போகணும்” என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அத்தானும் அக்காவும் ஆறு மாதமாக வருகிறார்கள், இன்னும் முதல் நாள் உபசாரத்திலேயே நிற்கிறீர்கள்.

‘சரி’யும் ‘அப்புற’மும்

பேச்சு எப்படி முடிகிறது என்பதைப் பற்றி ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973-இல் எழுதினார்கள். யாரும் பேச்சைச் சட்டென்று நிறுத்துவதில்லை என்றார்கள். முதலில் ஒருவர், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்பதுபோல ஒரு சின்ன வார்த்தையைப் போடுவார். எதிராளி அதே மாதிரி ஒரு சின்ன வார்த்தையால் பதில் சொன்னால் பேச்சு முடியும். புதிதாக எதையாவது எடுத்தால் மறுபடி ஓடும்.

தமிழில் அந்தச் சின்ன வார்த்தை ‘சரி’. “சரி... நேரமாச்சு”, “சரிங்க, அப்ப பார்ப்போம்.” அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும் வார்த்தை ‘அப்புறம்’. பேச்சு ஓய்ந்து நான்கு விநாடி அமைதி வரும்போது, அந்த அமைதி சங்கடமாக இருக்கிறதே என்று நாமாகவே “அப்புறம், ஊர்ல வேற என்ன விசேஷம்?” என்று கேட்டுவிடுகிறோம். இன்னும் அரை மணி நேரம் என்று அர்த்தம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மேல் உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்து ‘அப்புறம்’ வருகிறது என்று கவனியுங்கள். எனக்கென்னவோ உங்கள் கணவர் வாயிலிருந்துதான் வரும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் உங்கள் வாயிலிருந்தும்.

ஆக, கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டுதான். ஒன்பது மணிக்கு மேல் அமைதி வந்தால் அதை நிரப்பாமல் விட்டுவிடுவது. வந்தவர் ‘சரி’ என்றால், நாமும் ‘சரி’ என்று எழுந்துகொள்வது. அக்கா மறுபடி “கெளம்பலாமா?” என்று கேட்டால், “ஆமாக்கா, பையனுக்கும் காலையில ஸ்கூல் இருக்கே. வியாழக்கெழம பார்ப்போம்” என்று சொன்னால் போதும். இதில் துரத்துவது எங்கே இருக்கிறது? அவர் சொன்னதை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

கொட்டாவி ஏன் வேலை செய்யவில்லை

என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வருவார்கள். ஒன்பது மணியானால் அப்பா எழுந்துபோய் மேஜை மேல் இருக்கும் டைம்பீஸை எடுத்து வந்து, பேசிக்கொண்டே கர்ர், கர்ர் என்று சாவி கொடுப்பார். வந்தவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும், “அலாரமா? எத்தனை மணிக்கு வைக்கிறீங்க?” என்று கேட்டு, தன் வீட்டு டைம்பீஸ் தாமதமாக ஓடும் கதையை ஆரம்பித்தார். அன்றைக்கு அப்பா பத்தரை வரை அந்தக் கதையைக் கேட்டார்.

ஜாடை எல்லோருக்கும் புரியாது. புரிகிறவர்களுக்கும் வேறு மாதிரி புரியும். உங்கள் கொட்டாவி அத்தானுக்குப் புரியத்தான் செய்தது. அவருக்குத் தெரிந்த தீர்வைச் சொன்னார்: நீ போய்ப் படு. நீங்கள் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அப்படி வேண்டாம். அவர் கண்ணில் அவர் உங்கள் வீட்டு விருந்தாளியே இல்லை, தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணன். தம்பி மனைவிக்குத் தூக்கம் வந்தால் அவள் தூங்கட்டும், நமக்கென்ன என்று நினைக்கிறார். அந்தச் சலுகையை உண்மையாகவே நீங்கள் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். அக்கா வராமல் அத்தான் மட்டும் வரும் நாள் இருந்தால், “சரிங்க அத்தான், நான் படுக்குறேன். நீங்க பேசிக்கிட்டிருங்க” என்று அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பாத்திரம் கணவர் பொறுப்பு. அக்கா இருக்கும் நாளில் இது சரிவராது. ஆண்கள் இருவர் பேச, அக்கா தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்க நேரும். அதுதான் மனத்தாங்கலாக மாறும்.

அம்மா சொன்ன தலைவலி யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. பொய் பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருக்கும் சொந்தத்திடம் தலைவலி என்று சொன்னால், மறுநாள் சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். செவ்வாய், வியாழனோடு புதனும் சேர்ந்துகொள்ளும்.

யார் சொல்வது, எப்போது சொல்வது

இதில் நான் கறாராக இருக்கிறேன். சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அவர் பக்கத்துச் சொந்தம், அவருடைய அண்ணன். நீங்கள் சொன்னால், எவ்வளவு தேனில் குழைத்துச் சொன்னாலும், ‘தம்பி நல்லவன், வந்தவதான் இப்படி’ என்று ஆகிவிடும். நாளைக்கு உங்கள் தம்பி வந்து நடுராத்திரி வரை உட்கார்ந்திருந்தால் அதை நீங்கள் சொல்லுங்கள்.

“வந்தவங்களைப் போங்கன்னு எப்படிச் சொல்றது?” என்று கேட்கிறாரே, அவர் கேள்வி நியாயமானது. சொல்லவே கூடாது. போங்கள் என்பதை ராத்திரி பத்தரைக்குச் சொன்னால் எப்படிச் சொன்னாலும் காயம் படும். முடியும் நேரத்தை வரும் முன்பே சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் ‘மாலை 6 முதல் 9 வரை’ என்று போட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லையே. திங்கட்கிழமை மாலை அவர் அண்ணனுக்குப் போன் போட்டு இப்படிப் பேசலாம்:

“அண்ணே, நாளைக்கு வரும்போது ஒண்ணு. எட்டரைக்கு இட்லி ரெடியா இருக்கும், பையன் வந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டிருவோம். ஒம்பதரைக்கெல்லாம் நாங்க லைட்டை அணைச்சிர்றதா முடிவு பண்ணியிருக்கோம். நாலே முக்காலுக்கு எந்திரிக்க வேண்டியிருக்கு, ராத்திரி லேட்டானா காலையில முடியலை. ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்க எல்லாரும் இங்க வந்துருங்க, சாவகாசமா ஒக்காந்து பேசுவோம்.”

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ‘அவளுக்கு முடியலை’ என்று இல்லாமல் ‘நாங்க’ என்று வருகிறது. உங்கள் கணவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் கஷ்டமாக இருக்கும், ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. “இவ திட்டுறாண்ணே” என்று சிரித்துக்கொண்டே அவர் சொல்லிவிட்டால், ஆறு மாதத்துக்கு உங்கள் பெயர்தான் அடிபடும்.

இரண்டாவது, மகளின் பரீட்சையைக் காரணமாகச் சொல்லவில்லை. பிளஸ் டூ என்றால் ஊரே வழிவிடும் என்பது உண்மைதான், சொல்லத் தோன்றும். ஆனால் பரீட்சை முடியும், காரணமும் அதோடு முடியும். ஏப்ரல் மாதத்தில் “இப்பத்தான் பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சிருச்சே” என்று பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்தால் அப்போது சொல்ல ஒன்றும் இருக்காது. நாலே முக்கால் அலாரம் ஏப்ரலில் இல்லாவிட்டாலும் ஜூனில் இருக்கும்.

மூன்றாவது, ஞாயிறு மதியம். இதைச் சும்மா இனிப்புக்காகச் சேர்க்கவில்லை. விருப்ப ஓய்வு வாங்கி ஆறு மாதம் ஆன மனிதர். தினமும் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு இப்போது பேச ஒரு தம்பிதான் பக்கத்தில் இருக்கிறான். ஏரியாவும் புதிது. பதினொன்று மணி வரை அவரைப் பிடித்து வைத்திருப்பது அதுவாக இருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சை அவரிடமிருந்து பறிக்காமல் இடம் மாற்றிக் கொடுத்தால் பிடிவாதம் வராது. மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். அன்று மூன்று மணி, நான்கு மணி என்று பேசட்டும். சாப்பிட்ட மயக்கத்தில் அவரே நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்பது என் கணக்கு.

செவ்வாய்க்கிழமை, ஏழு முதல் ஒன்பதரை வரை

சொன்னது பாதி. அன்று இரவு வீடு அதற்கு ஏற்றபடி நடக்க வேண்டும். ஒன்பதரைக்குப் படுப்போம் என்று சொல்லிவிட்டு, ஒன்பதேகாலுக்கு நீங்கள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்?

தோசை என்றதும் சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் தோசை வேண்டாம். அவர்கள் மூன்று பேர், நீங்கள் மூன்று பேர். ஆளுக்கு மூன்று என்றாலும் பதினெட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியாக நீங்கள் உட்காரும்போது மற்றவர்கள் கை காய்ந்து, பேச்சு இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்கும். இட்லி என்றால் இரண்டு ஈடு, முன்பே வேகவைத்து ஹாட்பேக்கில் போட்டுவிடலாம். எட்டரைக்குப் பையன் வந்து காலைக் கழுவியதும் ஆறு தட்டும் ஒன்றாக விழட்டும். நீங்களும் அவர்களோடு உட்காருங்கள். ஒன்பதுக்குள் முடிந்துவிடும்.

காபி வந்தவுடன் ஏழேகாலுக்கு ஒரு தடவை, அதோடு சரி. சாப்பிட்ட பிறகு “காபி போடட்டுமா?” என்று கேட்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கேட்டால் “கொஞ்சமா” என்பார்கள். அது இன்னொரு அரை மணி நேரத்துக்கு நீங்களே கொடுக்கும் டிக்கெட். போதாததற்கு, குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமாராக ஐந்து மணி நேரம் ஆகும். அவர்கள் போன பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராது. காபிக்குப் பதில் வாழைப்பழம் வையுங்கள். நம் பந்தியில் பழமும் வெற்றிலையும் வந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம், அது எல்லோர் உடம்பிலும் ஊறியிருக்கிறது.

சாப்பிட்ட பிறகு கூடத்து சோஃபாவில் போய் உட்காராதீர்கள். நீங்கள் உட்கார்ந்தால் எல்லோரும் உட்காருவார்கள். நின்றபடியே அக்காவோடு பேசிக்கொண்டு, பையனுக்கு மறுநாளைக்கு இட்லிப் பொடியோ, மிஞ்சிய சட்னியோ ஒரு டப்பாவில் போடுங்கள். (விளக்கு வைத்த பிறகு தயிரும் உப்பும் கொடுக்க மாட்டோம் என்கிற வீடாக இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.) கையில் டப்பாவை வாங்கியவர் அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பதில்லை. அப்புறம் குங்குமம். சுமங்கலி வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது குங்குமம் கொடுப்பது உங்கள் வீட்டு வழக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பெரியவர்கள் கிளம்பும் நேரத்தை வாய் திறந்து சொல்லாமல் சொல்ல வைத்திருந்த வழி அது. குங்குமம் வைத்துக்கொண்ட பிறகு திரும்ப உட்கார்ந்த பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. அதே நேரத்தில் உங்கள் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “வாங்கண்ணே, கீழ வரைக்கும் வாரேன்” என்று எழ வேண்டும்.

கீழே வரை போவது முக்கியம். மாடி வீட்டில் வாசலில் நின்று பேசினால் அதற்கு முடிவே கிடையாது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே என்று நின்றுகொண்டே முக்கால் மணி நேரம் பேசும் திறமை நமக்கு உண்டு. உள்ளே மூன்று மணி நேரம் வராத விஷயமெல்லாம் அங்கேதான் வரும்: யாருக்கோ பெண் பார்த்தது, யாரோ இடம் விற்றது. வண்டி வரைக்கும் கூட நடந்து, பையன் பின்னால் ஏறியதும் “பார்த்துப் போயிட்டு வாங்க” என்று சொன்னால் முடிந்தது. இந்த ‘போயிட்டு வாங்க’ முகம் மலர்ந்து வரட்டும். அதுவரை எப்படி இருந்தாலும் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது அந்த முகத்தைத்தான்.

முதல் நாள் ஒன்பதரை ஆகாது. பத்து ஆகும், பத்தேகால்கூட ஆகலாம். உங்கள் கணவர் ஒரு தடவையாவது ‘அப்புறம்’ என்று ஆரம்பிப்பார். அப்போது அவரை முறைக்க வேண்டாம், விருந்தாளிகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். “கதவைப் பூட்டணும், சாவியை எங்க வச்சீங்க?” என்று கேளுங்கள். நான்கு வாரம் இப்படிப் பழகினால் நேரம் தானாகப் படியும்.

அவர்கள் முகம் சுருங்கினால்

சுருங்கலாம். அத்தான் ஒரு வாரம் வராமல் இருக்கலாம், அல்லது “அவங்க தூங்குற நேரம், நாம எதுக்கு” என்று வேறொரு சொந்தத்திடம் சொன்னது உங்கள் காதுக்கு வரலாம். அந்த நேரத்தில் பயந்துபோய், “ஐயோ, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க” என்று பின்வாங்காதீர்கள். பின்வாங்கினால் அடுத்த தடவை சொல்வதற்கு வாயே வராது. விளக்கம் சொல்லவும் வேண்டாம். அந்த வாரம் நீங்கள் இருவரும் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். போய், ஒன்றேகால் மணி நேரம் இருந்து, காபி குடித்துவிட்டு, நீங்களாகவே “சரி அத்தான், நாளைக்கு ஸ்கூல்” என்று எழுந்து வாருங்கள். உங்கள் மனசில் கசப்பு இல்லை என்பது அதில் தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் உட்காருவது என்பதற்கும் ஒரு அளவு காட்டியதாக ஆகும்.

நான்கைந்து வாரம் கழிந்தும் ஒரு மாற்றமும் இல்லை, அல்லது உங்கள் கணவர் போனே செய்யவில்லை என்றால், பிரச்சினை அத்தானிடம் இல்லை. அதை உங்கள் கணவரோடு நேராகப் பேசுங்கள். பேசும்போது ‘உங்க சொந்தக்காரங்க’ என்று ஆரம்பிக்காமல் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். பன்னிரண்டுக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அவர்கள் ஒன்பதரைக்குக் கிளம்பி நீங்கள் பத்துக்குப் படுத்தாலும் ஆறே முக்கால்தான் வருகிறது, அதாவது நீங்கள் ஒன்றும் அதிகமாகக் கேட்கவில்லை. பதினொன்றுக்கு மேல் பாத்திரம் கழுவுவது யார் என்றும் அப்போது கேளுங்கள். அந்த ஒரு வேலையை அவர் கையில் நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள். அண்ணனுக்குப் போன் தன்னால் போகும் என்று நினைக்கிறேன்.

அந்த மெசேஜ்

வாட்ஸ்அப்பில் எழுதியது குரல் இல்லாமல் போய்ச் சேரும். ‘கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் நல்லா இருக்கும் அக்கா’ என்று நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியதை, அக்கா மதியம் தனியாக இருக்கும்போது நான்கு தடவை படிப்பார். அத்தானிடம் காட்டுவார். அவர் தங்கைக்கு அனுப்புவார். அதற்குப் பிறகு அது உங்கள் கையில் இல்லை. அதைவிட, ஒன்பதரைக்குக் கிளம்ப ஆசைப்பட்ட ஒரு பெண்ணிடம், சீக்கிரம் கிளம்பு என்று எழுதுவது அநியாயம் இல்லையா?

அக்காவிடம் பேச வேண்டுமானால், நேரில் பேசுங்கள். சமையலறையில், இட்லித் தட்டைக் கழுவும்போது. “அக்கா, அன்னைக்கு நீங்க கெளம்பலாமான்னு கேட்டப்ப நான்தான் உக்கார வச்சுட்டேன். உங்களுக்கும் காலையில எந்திரிக்கணும்ல?” என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் சிரிப்பார், அல்லது “அதை ஏம்மா கேக்குற” என்று ஆரம்பிப்பார்.

பண்பில்லையோ என்று கேட்டீர்கள். மனசுக்குள் எரிச்சலோடு பதினொன்று மணி வரை சிரித்துக்கொண்டிருக்கிறீர்களே, அது ஆறு மாதம் தாங்கியிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் தாங்காது. ஒருநாள் தட்டு டங்கென்று விழும், அன்றைக்கு வரும் வார்த்தையை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அப்படி ஒரு இரவில் உடைந்துபோன உறவுகளைச் சரிசெய்ய என்னிடம் வருகிறவர்கள் உண்டு. ஒன்பதரைக்குச் சிரித்த முகத்தோடு வழியனுப்பியதற்காக இதுவரை யாரும் வந்ததில்லை.

வரும் வியாழக்கிழமை அக்கா மறுபடி “கெளம்பலாமா?” என்று கேட்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டதும் ஒன்றும் சொல்ல வேண்டாம். எழுந்து உள்ளே போய், குங்குமச் சிமிழை எடுத்து வாருங்கள்.